தம்பியின் அம்மாவுக்கு: ஹீமோஃபிலியா பற்றி

நேற்று வார்டில் உங்கள் மாமியார், "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இப்படி இல்லையே" என்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் அப்போது பேசவில்லை, எழுதித் தருகிறேன். வீட்டில் எல்லோரும் படிக்கட்டும்.

இரத்தம் உறைவதற்கான புரதங்களில் எட்டாவது ஃபேக்டர் தம்பிக்கு மிகக் குறைவு. அதை உருவாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு; ஒன்று பழுதென்றால் மற்றொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆணுக்கு ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. உங்கள் இரண்டில் எது மகனுக்குப் போகும் என்பது பூவா தலையா போடுவது போல. ஒவ்வொரு மகனுக்கும் பாதி வாய்ப்பு; ஒவ்வொரு மகளும் உங்களைப் போல அதைச் சுமக்கப் பாதி வாய்ப்பு. கிரகண நேரத்தில் வெளியே வந்ததாலோ, சொந்தத்தில் கட்டியதாலோ வந்ததல்ல. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றும் பிள்ளைகளும் மூன்றில் ஒரு பங்கு உண்டு.

உங்கள் குடும்பத்தில் இது புதிதல்ல என்றே நினைக்கிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போன உங்கள் தாய்மாமன் முழங்கால் மடங்காமல் நடப்பார், பல் பிடுங்கியபோது மூன்று நாள் இரத்தம் நிற்கவில்லை என்றீர்களே. அந்த முழங்கால்தான் நான் சொல்ல வேண்டிய இரண்டாவது விஷயம்.

மூட்டின் உட்புறம் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் நிறைய. நடக்கும்போதும் மடக்கும்போதும் அவற்றில் சிறு கசிவு ஏற்படும். நமக்கு உடனே அடைந்துவிடும், தெரியவே தெரியாது. மற்ற திசுக்களில் உறைதலைத் தூண்டிவிடும் பொருள் மூட்டுக்குள் சொற்பம் என்பதால், அங்கே எட்டாவது ஃபேக்டரை நம்பித்தான் எல்லாம். தம்பிக்கு அதுதான் மிகக் குறைவு. இரத்தம் வேகமாக வராது, நிற்காமல் வரும். தேங்கிய இரத்தத்தின் இரும்புச்சத்து சவ்வைத் தடிக்க வைக்கிறது. தடித்த சவ்வில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன, அவை இன்னும் எளிதில் உடைகின்றன. அதே மூட்டில் மறுபடி மறுபடி கசிந்து, குருத்தெலும்பு அரிபட்டுப் போகும். மாமாவுக்கு நடந்தது இதுவாகவே இருக்கும். அந்தக் காலத்தில் ஃபேக்டர் ஊசிக்கு எங்கே போவது?

தம்பி தவழ ஆரம்பித்ததும் முழங்கால், கணுக்கால், முழங்கை மூன்றையும் கவனியுங்கள். வீக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு காலை ஊன்ற மறுத்தாலோ, மடக்கினால் அழுதாலோ, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தாலோ அதுவே போதும். எண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது. கட்டுப் போடுபவரிடம் தூக்கிப் போகவும் கூடாது. (பாட்டிக்கு இதை இரண்டு முறை படித்துக் காட்டுங்கள்.) வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின், புரூஃபென் வகை வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலை அசைக்காமல் புறப்படுங்கள். நள்ளிரவானாலும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்துவிடுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

காது குத்து நாள் குறிக்கும் முன் என்னிடம் கேளுங்கள். அடுத்த முறை வரும்போது உங்கள் தங்கையையும் அழைத்து வாருங்கள். கல்யாணம் பேசுகிறீர்கள் என்றீர்கள், அவருக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடலாம்.