தொலைந்த லெப்டொப் LT-0147: ரயிலில் விடுபட்டது, அதில் இருந்த தரவு விபரம்

பெறுநர்: தொழில்நுட்பப் பிரிவு, கொழும்பு
பிரதி: கள அலுவல்கள் முகாமையாளர், சட்டப் பிரிவு
திகதி: 2025 செப்டெம்பர் 17, புதன்கிழமை, மாலை 4.40

வணக்கம்.

இன்று பிற்பகல் 2.20 மணிபோல் கம்பனி லெப்டொப் இருந்த பையை ரயிலில் விட்டுவிட்டு ஹட்டனில் இறங்கிவிட்டேன். 2.50க்கு உங்கள் பிரிவில் இருந்த தம்பியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் என் விபிஎன் அனுமதியை உடனே நிறுத்திவிட்டு, மீதி விபரங்களை எழுத்தில் தரச் சொன்னார். ஹட்டன் கிளைக் காரியாலயத்தில் இன்னொருவருடைய கணினியில் இருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லெப்டொப்பை விட, பையின் பக்க ஜிப்புக்குள் இருந்த சிவப்பு நிற 8 ஜிபி பென் டிரைவ்தான் எனக்குப் பெரிய பயம். தொலைபேசியில் பேசும்போது பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை. தோட்டத்துச் செக்ரோல் பட்டியலை ஹப்புத்தளையில் ஒரு கடையில் பிரின்ட் எடுக்க அதில் போட்டுக்கொண்டு போனேன். கடவுச்சொல் இல்லை, குறியாக்கம் இல்லை. எடுத்தவர் எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கும். பென் டிரைவில் தரவு எடுத்துப்போகக் கூடாது என்று உங்கள் அறிவுறுத்தலில் இருக்கிறது. தெரிந்துதான் செய்தேன்.

நடந்தது இதுதான். ஹப்புத்தளையில் பொடி மெனிகேயில் ஏறினேன், மூன்றாம் வகுப்பு, பின்னாலிருந்து இரண்டாவது பெட்டி. பையை மேல் தட்டில் வைத்தேன். நானுஓயாவில் ஒருவர் லீக்ஸ் மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதே தட்டில் ஏற்ற, பை சுவரோரமாகத் தள்ளப்பட்டு மூட்டைக்குப் பின்னால் போய்விட்டது. தலவாக்கலையில் எட்டிப் பார்த்தேன், பையின் பட்டி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டகலை தாண்டி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் இருட்டியதும், ஹட்டன் வந்துவிட்டது என்று குடையையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வாசல் முழுக்கப் படம் எடுக்கும் ஆட்கள், அவர்களை விலக்கி இறங்குவதிலேயே கவனம் போய்விட்டது. மேடையில் நின்று குடையை விரித்த பிறகுதான் தோளில் கனம் இல்லாதது உறைத்தது. ரயிலின் கடைசிப் பெட்டி அப்போது வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

நிலைய அதிபரிடம் ஓடினேன். அவர் நாவலப்பிட்டிக்கு அழைத்துச் சொல்லி, அங்கே கார்ட் பெட்டியைப் பார்த்தார். பை இல்லை என்று பதில் வந்தது. லீக்ஸ் மூட்டையும் இல்லையாம், ஆகவே மூட்டைக்காரர் இடையில் இறங்கியிருக்க வேண்டும். அவர்தான் எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. தன் சாமான் என்று நினைத்துச் சேர்த்து இறக்கியிருக்கலாம். கண்டி, கோட்டை நிலையங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஹட்டன் பொலிஸில் முறைப்பாடு பதிந்துவிட்டேன், பிரதியை நாளை காலை தருவார்கள்.

இனி லெப்டொப்பின் நிலை. ஜூன் மாதம் நீங்கள் சொன்னபடி நான் ஓட்டிப் பார்த்து எடுத்த படம் கைத்தொலைபேசியில் இருக்கிறது:

```
manage-bde -status C:
    Conversion Status:    Fully Encrypted
    Protection Status:    Protection On
```

ஆனால் ஒரு குறை உண்டு. ஹப்புத்தளையில் நான் அதை அணைக்கவில்லை, மூடியை மட்டும் மூடினேன். பற்றரி பாதிக்கு மேல் இருந்தது. ஆகவே அது தூக்க நிலையில்தான் போயிருக்கிறது, பிட்லொக்கரின் திறவுகோல் நினைவகத்தில் இருந்திருக்கும். இயக்கத் தொடங்கும்போது கேட்கும் பின் எண்ணும் என் இயந்திரத்தில் போடப்படவில்லை. சாதாரண ஆள் எடுத்திருந்தால் உள்நுழைவுத் திரையைத் தாண்ட முடியாது என்று நினைக்கிறேன். விஷயம் தெரிந்த ஆள் என்றால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தரவு இவ்வளவு:

`checkroll_aug_final.xlsx`: மூன்று டிவிசன், 412 தொழிலாளர்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், ஒகஸ்ட் மாத வேலை நாட்கள், கொழுந்து நிறை, கழிவுகள். பென் டிரைவில் இருப்பதும் இதேதான். கழிவுப் பத்தியைச் சட்டப் பிரிவு கவனிக்க வேண்டும்: எந்தத் தொழிற்சங்கத்துக்குச் சந்தா போகிறது, யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அதில் தெரியும். குறிப்புப் பத்தியில் பிரசவ விடுமுறை, சுகவீனம் என்றும் கணக்கப்பிள்ளை எழுதியது அப்படியே இருக்கிறது. அடையாள அட்டை இலக்கத்தில் இருந்தே ஒருவர் பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் கணக்கிட்டுவிடலாம், ஆகவே அந்த இரண்டு பத்திகளைத் தனியாகப் போடாததால் ஆறுதல் இல்லை.

`nagalgal` என்ற கோப்புறை: 60க்குக் கிட்ட அடையாள அட்டை, வங்கிப் புத்தக நகல் படங்கள். இது லெப்டொப்பில் மட்டும், பென் டிரைவில் இல்லை.

அவுட்லுக்கில் இணையம் இல்லாமலே திறக்கும்படி சேமிக்கப்பட்ட ஒரு வருட மின்னஞ்சல். தோட்ட முகாமையாளர்களுடன் நடந்த ஒப்பந்தப் பேச்சும் அதற்குள் வரும்.

உலாவியில் சம்பளப் பட்டியல் தளத்தின் கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருந்தேன். மின்னஞ்சல் கடவுச்சொல் இன்னும் மோசம், பையில் இருந்த கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன். இரண்டையும் 3.05க்கு மாற்றிவிட்டேன். இரண்டாம் கட்டக் குறியீடு வரும் கைத்தொலைபேசி என்னிடம் இருக்கிறது. ஆனால் கடவுச்சொல்லை மாற்றினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுகள் சில நேரம் அப்படியே ஓடும் அல்லவா, அதனால் என் பெயரில் உள்ள எல்லா அமர்வுகளையும் உங்கள் பக்கத்தில் இருந்து வெளியேற்றிவிடுங்கள். 2.20க்குப் பிறகு என் கணக்கில் நடந்த உள்நுழைவுகளையும் பாருங்கள்: 3.05ம் 4.15ம் நான், மற்றது எதுவும் நான் இல்லை.

தூரத்தில் இருந்து அழிக்கும் கட்டளையை இப்போதே போட்டுவிடுங்கள். இணையத்தில் சேரும்போதுதான் அது வேலை செய்யும் என்பது தெரியும், வரிசையில் நிற்கட்டும். நேற்றும் இன்றும் மூன்றாம் டிவிசனில் பதிந்த நிறைக் கணக்கு ஓன்டிரைவுக்கு ஏறவில்லை (அங்கே சிக்னல் பிரட்டுக் களத்துக்கு மேலே ஏறினால்தான் கிடைக்கும்), அது போய்விடும். போகட்டும். கணக்கப்பிள்ளையின் கொழுந்துப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது, இரண்டு நாள் உட்கார்ந்தால் மறுபடி ஏற்றிவிடலாம்.

சட்டப் பிரிவுக்கு: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இதை யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். என் அபிப்பிராயம், தோட்டத்து ஆட்களுக்கு நாமே நேரில் சொல்வதுதான் சரி. வங்கியில் இருந்து பேசுகிறோம், கணக்கு இலக்கம் இதுதானே என்று யாராவது அழைத்தால் அவர்கள் நம்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பிரட்டில் வைத்துச் சொல்ல நான் தயார், ஆனால் உங்கள் அனுமதி இல்லாமல் வாய் திறக்க மாட்டேன்.

அடையாளத்துக்கு: 14 அங்குலக் கறுப்பு லெப்டொப், மூடியின் இடது மூலையில் LT-0147 ஸ்டிக்கர், வலது பக்கப் பிணைச்சலுக்குக் கிட்ட ஒரு கீறல். கருநீலப் பை, மழை உறை போட்டது. உள்ளே சார்ஜரும் கொப்பியும். தொடர் இலக்கம் உங்கள் பதிவேட்டில் இருக்கும். அதை எனக்கு இன்றிரவே அனுப்பினால் பொலிஸ் முறைப்பாட்டில் சேர்த்துவிடுவேன், அந்த இடத்தை அவர்கள் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறார்கள்.

நாளை காலை பொலிஸ் பிரதியை எடுத்துக்கொண்டு நாவலப்பிட்டிக்குப் போய், இடையில் உள்ள ரொசல்ல, வட்டவளை, கலபொட நிலையங்களிலும் விசாரிக்கப் போகிறேன். வழியில் பல இடத்தில் சிக்னல் இருக்காது, எடுக்காவிட்டால் ஹட்டன் கிளையில் சொல்லி வையுங்கள்.

சுகந்தி
கள இணைப்பாளர், ஹட்டன் கிளை