வடலூர் சத்திய தருமச்சாலைக்கு உயில்வழிக் கட்டளை: குடும்பத்தாரின் கடிதம்

அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி
தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி

கடலூர்,
18.08.2025

அனுப்புநர்:
ச. அருள்முருகன் (உயிலை நிறைவேற்றுபவர்)
ச. தையல்நாயகி
ச. வடிவேலன்
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
திருவருட்பிரகாச வள்ளலார் தெய்வ நிலையங்கள், வடலூர்

பொருள்: எங்கள் தாயார் உயிலில் எழுதிவைத்த 30 லட்சம் ரூபாயையும் 62 சென்ட் நஞ்சையையும் தருமச்சாலைக் கட்டளையாக ஏற்றுக்கொள்ள வேண்டுதல்.

அன்பும் தயவும் உள்ள ஐயா, வந்தனம்.

எங்கள் தாயார் திருமதி ச. மங்கையர்க்கரசி கடந்த பங்குனியில் காலமானார். 2019-இல் இரண்டு சாட்சிகளுடன் எழுதி, குறிஞ்சிப்பாடி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த உயிலில், தம் வைப்புத்தொகையில் 30 லட்சம் ரூபாயையும், தமக்கு வந்த சீதன நிலத்தில் 62 சென்ட் நஞ்சையையும் தருமச்சாலையின் பசியாற்றும் பணிக்கென ஒதுக்கியுள்ளார். பிள்ளைகள் மூவரும் இதற்கு மனமுவந்து உடன்படுகிறோம். தாங்கள் ஏற்றுக்கொள்வதையே பெறும் பேறாகக் கருதுகிறோம்.

உயிலில் உள்ள வாசகம் "சாலையில் பசித்தவர்க்கு" என்பதுதான். அதற்கு மேல் விவரம் இல்லை. இப்படிப் பொதுவாக எழுதப்பட்ட தொகை, வந்த ஆண்டே பொதுக்கணக்கில் கரைந்துவிட வாய்ப்பு உண்டு. ஆகவே தாயார் எங்களிடம் வாய்மொழியாகச் சொன்னதை இங்கே எழுத்தில் வைக்கிறோம்.

தைப்பூசத்துக்கும் மாதப்பூசத்துக்கும் அரிசியும் காய்கறியும் கொடுக்க அன்பர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை அப்படியல்ல. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபோதும், 2015 வெள்ளத்திலும், 2024 ஃபெஞ்சல் மழையிலும் இந்த மாவட்டம் பட்ட பாடு தாங்கள் அறியாததல்ல. பசித்து வருவோர் கூடும் அதே நாட்களில்தான் பாதை அறுந்து சரக்கு வராது. 1867 வைகாசியில் பெருமானார் மூட்டிய அடுப்புக்கு நனைந்த விறகு வந்து சேருவதும் அப்போதுதான். எனவே இந்தக் கட்டளையின் வருமானம் மழைக்காலத்து அரிசிக்கும் விறகுக்கும் மட்டுமே பயன்பட வேண்டும் என்பது எங்கள் முதல் வேண்டுகோள்.

வட்டி ஏறக்குறைய 6.5 விழுக்காடு எனக் கொண்டால் ஆண்டுக்கு 1,95,000 ரூபாய் வரும். அதில் பத்தில் ஒரு பங்கான 19,500 ரூபாயை ஆண்டுதோறும் மூலநிதியிலேயே சேர்த்துவிட வேண்டுகிறோம். விலைவாசி ஏற, முதல் அப்படியே நின்றால் இருபது ஆண்டுகளில் கட்டளை பெயருக்குத்தான் இருக்கும். விறகுக்கு 50,000 ரூபாய் போக, மீதி 1,25,500 ரூபாய் அரிசிக்கு. கிலோ 50 ரூபாய் என்றால் 2,510 கிலோ. ஒருவருக்கு 150 கிராம் அரிசி வீதம் 16,000 பேருக்கு மேல் ஒருவேளை உணவு.

விறகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சவுக்கு நம் பக்கத்திலேயே விளைகிறது என்பதால் தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். வெட்டி ஒரு மாதம்கூட ஆகாத சவுக்கின் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் ஈரத்தை ஆற்றவே போய்விடும். புகை அடைக்கும், சோறு நேரத்துக்கு வேகாது, எடையும் கூடுதலாகக் கொடுக்க நேரும். சித்திரை, வைகாசியில் வாங்கி, பருமனான கட்டைகளைப் பிளந்து, தரையிலிருந்து ஓரடி உயர்த்திய மேடையில் காற்றோட இடைவெளி விட்டு அடுக்கி, மேலே தகரம் போட்டால் ஐப்பசிக்குள் நன்றாகக் காய்ந்துவிடும். நான்கு பக்கமும் தார்ப்பாய் சுற்றினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். மழைச்சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் மறைத்தால் போதும். ஆகவே விறகுத் தொகையை மழைக்காலம் வரை வைத்திருக்காமல் வைகாசிக்குள் செலவிட வேண்டும். அரிசி மட்டும் புரட்டாசிக் கடைசியில் வாங்கினால் வண்டு பிடிக்காது.

நிலத்தைப் பொறுத்தவரை ஒரு குத்தகைதாரர் நெடுங்காலமாகப் பயிர் செய்துவருகிறார். ஆண்டுக்கு 75 கிலோ மூட்டையாக ஆறு மூட்டை நெல் அளக்கிறார். அவரை வெளியேற்றக்கூடாது என்பது தாயாரின் விருப்பம். நிலத்தை ஏற்பது தங்களுக்குச் சிரமம் என்றால், விற்று அந்தத் தொகையை இதே மூலநிதியில் சேர்க்க உயில் எங்களுக்கு அதிகாரம் தருகிறது. தெய்வ நிலையங்களின் பெயருக்கு வந்துவிட்டால் இந்து சமய அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி ஆணையரின் அனுமதியின்றி விற்க முடியாது. அதனால் இந்த முடிவைப் பட்டா மாற்றத்துக்கு முன்பே தெரிவித்தால் நல்லது.

இனி ரசீது. "நன்கொடை" என்று மட்டும் எழுதினால் அது மூலநிதி ஆகாது. "மூலநிதி, குறிப்பிட்ட கட்டளைக்காக, வருமானம் மட்டும் செலவிடத்தக்கது" என்று எழுத வேண்டுகிறோம். எங்கள் பக்கத்து எழுத்துப்பூர்வ அறிவுறுத்தலாக இக்கடிதத்தையே தணிக்கையில் காட்டலாம். துறையின் ஒப்புதல் தேவைப்பட்டால் அந்தக் கோப்பிலும் இதையே சேர்க்கலாம். மூலநிதியைத் தனி வைப்புக் கணக்கில் வைத்து, எக்காரணத்துக்காகவும், கடனாகக்கூட, எடுக்காமல் இருக்க வேண்டும். கட்டடப் பணிக்கு இதில் ஒரு ரூபாயும் வேண்டாம். அதற்குக் கொடுப்போர் வேறு இருக்கிறார்கள்.

கட்டளைக்கு "மழைக்காலப் பசியாற்றும் கட்டளை" என்ற பெயரே போதும். தாயாரின் பெயர் ரசீதிலும் பதிவேட்டிலும் இருந்தால் சரி. கல்வெட்டு, படம், ஒலிபெருக்கி அறிவிப்பு எதுவும் வேண்டாம். "திதி அன்னதானம்" என்று எங்கும் குறிக்க வேண்டாம். கருமாதி, திதி கூடாது என்பது பெருமானார் வாக்கு, தாயாரும் அதன்படியே வாழ்ந்தவர். உண்ண வருவோரை "ஏழைகள்" என்று எழுதாமல் "பசித்தோர்" என்றே எழுதக் கேட்டுக்கொள்கிறோம். சாதி, சமயம், ஊர் பார்த்து யாரையும் விலக்கக்கூடாது என்பதைச் சாலைக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆவணத்தில் இருக்கட்டும் என்று சேர்க்கிறோம்.

எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ இக்கட்டளையால் நிர்வாக உரிமையோ, முதல் மரியாதையோ, தனித் தரிசன வசதியோ கிடையாது. நாங்கள் கேட்பது ஆண்டுக்கு ஒரு பக்கக் கணக்கு: வந்த வட்டி, மூலநிதியில் சேர்த்தது, வாங்கிய அரிசி, விறகின் எடை. பிற்காலத்தில் விறகு அடுப்பே வேண்டாத நிலை வந்தால், அந்தத் தொகையை எந்த எரிபொருளுக்கும், அதுவும் தேவையில்லை எனில் அரிசிக்கும் மாற்றலாம். பசியாற்றுவதைத் தவிர வேறு பணிக்குப் போகக்கூடாது என்பதுதான் எல்லை.

வங்கியில் நியமனதாரராக இருப்பவர் எங்கள் சகோதரி தையல்நாயகி. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அதற்கு உரியவர் அல்லர் என்பதால், தொகையைத் தெய்வ நிலையங்களின் கணக்குக்கே மாற்ற ஒப்பி அவர் கடிதம் கொடுத்துள்ளார். கணக்கின் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி என்று அலுவலக முத்திரையுடன் எழுதித் தாருங்கள். ஓரெழுத்து மாறினாலும் வரைவோலை திரும்பிவிடும்.

இவற்றில் ஏதேனும் சாலையின் முறைக்கு ஒவ்வாது எனில் தயங்காமல் சொல்லுங்கள். திருத்தி எழுதித் தருகிறோம். ஏற்க இயலாது என்றாலும் மனக்குறை கொள்ள மாட்டோம். அக்டோபர் 15-க்குள் பதில் கிடைத்தால், இந்த மழைக்காலத்துக்கான முதல் ஆண்டு அரிசியை வட்டிக்குக் காத்திராமல் எங்கள் சொந்தச் செலவில் வாங்கி இறக்கிவிடுகிறோம்.

இணைப்பு: பதிவு செய்த உயிலின் சான்றிட்ட நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூவரின் ஒப்புதல் கடிதங்கள், நிலத்தின் பட்டா, வில்லங்கச் சான்று.

தயவுடன்,
ச. அருள்முருகன்
ச. தையல்நாயகி
ச. வடிவேலன்