தரவு மேலாண்மை மற்றும் பகிர்வுத் திட்டம்: சர்க்கரை நோயாளிகளின் காற்புண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆறும் வேகம்

முனைவர் பட்ட ஆய்வு. நெறிமுறைக் குழுவுக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் சமர்ப்பிக்கப்படும் முதல் பதிப்பு.

என்னென்ன தரவு

காற்புண்ணுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 64 பேரை ஓர் ஆண்டு தொடர்ந்து கவனிக்கப் போகிறேன். ஒவ்வொருவரிடமிருந்தும் மூன்று வகைத் தரவு கிடைக்கும்: கேஸ் ஷீட்டிலிருந்து எடுக்கும் விவரங்கள் (வயது, பாலினம், சர்க்கரை அளவு, அறுவைச் சிகிச்சையின் வகை, தேதிகள்), ஆறு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் புண்ணின் புகைப்படம், பிறகு 18 பேரிடம் மட்டும் எடுக்கும் ஒலிப்பதிவுப் பேட்டி. மொத்த அளவு 40 ஜிபியைத் தாண்டாது. அளவு சிறியது. ஆனால் இதில் வரும் ஒவ்வொருவரையும் அடையாளம் காண முடியும் என்பதுதான் சிக்கல்.

பெயரையும் பதிவு எண்ணையும் நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைப்பது இந்த ஆய்வுக்குப் பொருந்தாது. ஒரே மருத்துவமனை, ஒரே வார்டு, 64 பேர். அதில் 24 வயதுப் பெண் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழ் கால் எடுக்கப்பட்டிருந்தால், அந்த வார்டில் வேலை பார்த்த எவருக்கும் அவர் யாரென்று தெரிந்துவிடும். அதனால் பெயர் நீக்கிய கோப்பையும் கடைசி வரை நோயாளியின் தனிப்பட்ட தரவாகவே நடத்துவேன்.

ஒப்புதல்

ஒப்புதல் படிவத்தில் ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் அடைக்கவில்லை. ஆய்வில் சேர்வது, புகைப்படம் எடுப்பது, பேட்டியை ஒலிப்பதிவு செய்வது, அடையாளம் நீக்கிய தரவை வேறு ஆய்வாளர்களுக்குக் கொடுப்பது என நான்குக்கும் தனித்தனி கட்டம் உண்டு. நான்காவதற்கு 'வேண்டாம்' என்றவர்களும் ஆய்வில் இருக்கலாம். அவர்களுடைய வரிசை பகிர்வுக் கோப்பில் இருக்காது. சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதைப் படிவத்தின் முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். சிகிச்சை கொடுக்கும் மருத்துவரே ஒப்புதல் கேட்டால் மறுப்பது கஷ்டம், எனவே கேட்பது ஆய்வுச் செவிலியர்.

ஒருவர் பின்னால் விலக விரும்பினால், ஆய்வு எண்ணையும் பெயரையும் இணைக்கும் கோப்பு இருக்கும் வரை அவருடைய தரவைக் கண்டுபிடித்து நீக்க முடியும். அது அழிக்கப்பட்ட பிறகு முடியாது. இந்த வரம்பை வாயாலும் சொல்லி, படிவத்திலும் எழுதிக் கொடுப்போம்.

சேகரிப்பும் பெயரிடலும்

சேரும் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் `DF001` முதல் `DF064` வரை ஓர் எண். வரிசைப்படி கொடுத்தால் சேர்ந்த தேதியை ஊகிக்கலாம் என்பதால் எண்களைக் குலுக்கி வைத்துக் கொடுக்கிறோம். எண்ணையும் பெயரையும் இணைக்கும் கோப்பு, அதாவது இணைப்புக் கோப்பு, மருத்துவமனையின் சர்வரிலேயே இருக்கும். பல்கலைக்கழகத்துக்கு வராது. அதைத் திறக்க என்னாலும் என் வழிகாட்டியாலும் மட்டுமே முடியும்; திறந்த ஒவ்வொரு முறையும் பதிவாகும்.

புகைப்படத்துக்கு வார்டுக்குச் சொந்தமான கேமரா மட்டும். சொந்த ஃபோனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் இந்த ஆய்வுக்குள் வரக் கூடாது, அவசரம் என்றாலும் கூடாது. ஃபோனின் கேலரி தானாகவே க்ளவுடில் ஏறிவிடும். அதைத் தேடி அழிப்பது நடக்கிற காரியமில்லை. முகம், பச்சை குத்தியது, மோதிரம், படுக்கை எண் எதுவும் படத்தில் விழாமல் புண்ணைச் சுற்றிப் பச்சைத் துணி விரித்து எடுப்போம். படத்துக்குள் ஒளிந்திருக்கும் தேதி, கேமரா விவரங்கள் போன்றவற்றை நீக்க:

```
exiftool -all= -overwrite_original DF017_W06.jpg
```

நடுவில் உள்ள `-overwrite_original` முக்கியம். அதை விட்டுவிட்டால் பழைய படம் `_original` என்ற பெயரில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

கோப்புப் பெயரில் உள்ள `W06` அறுவைச் சிகிச்சையிலிருந்து எத்தனையாவது வாரம் என்பதைக் காட்டும். நாள்காட்டித் தேதி எங்கும் வராது. பகுப்பாய்வுக் கோப்பில் ஒவ்வொரு நோயாளியின் தேதிகளையும் அவருக்கென்று தற்செயலாகத் தேர்ந்த ஓர் எண்ணிக்கை நாள் தள்ளி வைப்பேன். ஒரே நோயாளிக்கு ஒரே தள்ளல் என்பதால் இடைவெளிகள் மாறாது. எனக்குத் தேவையானதும் இடைவெளிதான்.

பேட்டிகளை நானே எழுத்தாக்குகிறேன். இணையத்தில் ஏற்றினால் எழுதித் தரும் எந்தச் சேவையையும் பயன்படுத்த மாட்டேன். குரலே ஓர் அடையாளம். எழுதிய பிரதியில் ஊர், வேலை, உறவினர் பெயர் எல்லாம் [மகன்], [பணியிடம்] என்பது போல மாறும். நோயாளி தன் மகனின் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசினால், ஒப்புதல் கொடுக்காத அந்த மகனின் தனியுரிமையும் நம் பொறுப்புதான்.

பாதுகாப்பு

வேலை நடக்கும் தரவு பல்கலைக்கழகத்தின் கட்டுப்படுத்தப்பட்ட சர்வரில், இரட்டைச் சரிபார்ப்புடன் இருக்கும். என் லேப்டாப்பின் வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டது. ஆனாலும் புகைப்படமும் ஒலிப்பதிவும் அதில் சேமிக்கப்படாது. பென் டிரைவ் கிடையாது. சர்வரின் தினசரி பேக்கப் வேறொரு கட்டடத்தில் உள்ளது. காகிதப் படிவங்கள் ஆய்வுச் செவிலியரின் பூட்டிய அலமாரியில்.

தரவு தவறிப் போனாலோ தவறான ஆளுக்குப் போனாலோ அன்றைக்கே வழிகாட்டிக்கும் மருத்துவமனையின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் சொல்வேன். முதலில் சொல்வது, காரணம் தேடுவது அப்புறம்.

யாருக்கு எது

பகுப்பாய்வு நிரல்கள், மாறிகளின் விளக்கப் பட்டியல், தொகுத்த அட்டவணைகள் எல்லாருக்கும் திறந்து வைக்கப்படும். அட்டவணையில் 5 பேருக்குக் குறைவாக உள்ள கட்டத்தில் எண் காட்டப்படாது. வரிசை மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி பக்கத்துக் கட்டம் ஒன்றும் மறைக்கப்படும்.

அடையாளம் நீக்கிய நோயாளி வாரியான எண் தரவு, காப்பகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட அணுகலில் இருக்கும். அதற்கு முன் வயது பத்தாண்டுக் குழுக்களாக மாறும். வயதுக் குழு, பாலினம், அறுவைச் சிகிச்சை வகை ஆகிய மூன்றும் ஒத்துப்போகிறவர்கள் குறைந்தது 5 பேர் இருக்கிறார்களா என்று சோதிப்பேன். இல்லாத இடத்தில் அறுவைச் சிகிச்சை வகையை 'பெரிது', 'சிறிது' என்று சுருக்குவேன். அப்படியும் தனியாக நிற்பவரின் வரிசை வெளியே போகாது. கேட்பவர் தன் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, யாரையும் அடையாளம் காண முயல மாட்டேன் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். நான் பட்டம் வாங்கிப் போன பிறகு இதை முடிவு செய்வது துறையின் தரவுக் குழு. என் மின்னஞ்சலை மட்டும் தொடர்பாகக் கொடுத்தால் சில ஆண்டுகளில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

புகைப்படம், ஒலிப்பதிவு, முழுப் பேட்டிப் பிரதி, இணைப்புக் கோப்பு ஆகியவை யாருக்கும் பகிரப்படாது. தேர்வாளர்கள் பார்க்க வேண்டுமானால் என் வழிகாட்டியின் அறையில், திரையில் பார்க்கலாம். ஆய்வேட்டில் அச்சாகும் இரண்டு படங்களுக்கு அந்த நோயாளிகளிடம் அந்தப் படத்தையே காட்டித் தனியாக ஒப்புதல் வாங்குவோம். அச்சேறிய ஆய்வேடு நூலகத்துக்குப் போகும், இணையத்துக்கும் போகும் என்பதை அப்போதே சொல்லிவிடுவோம்.

எப்போது அழிப்பது

ஒலிப்பதிவு, எழுத்துப் பிரதியைச் சரிபார்த்த ஒரு மாதத்துக்குள் அழியும். இணைப்புக் கோப்பு, பட்டம் உறுதியானதும் அழியும். புகைப்படங்களும் அடையாளம் நீக்கிய தரவும் 10 ஆண்டு. எஸ்எஸ்டி வட்டில் கோப்பை மேலெழுதி அழிப்பது நம்பகமில்லை. அதனால் எல்லாம் மறையாக்கப்பட்ட கொள்கலனில் இருக்கும், அழிக்கும்போது அதன் திறவுகோலை அழிப்போம். பேக்கப்பில் இருக்கும் பிரதிகள் காலாவதியாகும் தேதியையும் சர்வர் நிர்வாகியிடம் எழுத்தில் வாங்கி வைப்பேன்.

ஆய்வு முறையில் மாற்றம் வந்தால், உதாரணமாக இரண்டாவது மருத்துவமனை சேர்ந்தால், இந்தத் திட்டம் திருத்தப்பட்டு மீண்டும் நெறிமுறைக் குழுவுக்குப் போகும். அனுமதி வரும் வரை புதிய தரவு சேகரிக்கப்படாது.