லின் மேடத்துக்கு அனுப்ப வேண்டிய வாய்ஸ் நோட்

செல்வா,

உன் ஓவர்லாக் மெஷினுக்கு லூப்பர் பாகம் அனுப்பும் லின் மேடத்துக்குச் சொல்ல நீ கேட்ட சீனப் புத்தாண்டு வாழ்த்து இதோ. நிதானமாகப் பேசினாலும் இருபது நொடிக்கு மேல் வராது. அதற்கு மேல் நீட்டாதே. குவாங்சோவில் இருந்த ஏழு வருஷத்தில் நான் பார்த்தது, இரண்டு நிமிஷ வாய்ஸ் நோட்டை அங்கேயும் யாரும் முழுசாகக் கேட்பதில்லை.

லின்↗ ட்ஸோங்↓, நின்↗ ஹாவ்↓!
வோ↓ ஷ்ழ்↘ யின்↘-தூ↘ த செல்வன்.
ஜூ↘ நின்↗ ஷின்→ நியென்↗ க்வாய்↘ ல↘,
ஷன்→ தீ↓ ஜியென்↘ காங்→,
ஷங்→ யீ↘ ஷிங்→ லோங்↗,
மா↓ தாவ்↘ ச்சங்↗ கோங்→!
ஷியே↘ ஷிய நின்↗.

அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்காதே. "லின் மேடம், வணக்கம். நான் இந்தியாவிலிருந்து செல்வன். புத்தாண்டு சந்தோஷமாக அமையட்டும், உடம்பு நன்றாக இருக்கட்டும், வியாபாரம் செழிக்கட்டும், குதிரை வந்து நின்றதுமே வெற்றி கிடைக்கட்டும்! நன்றி." கடைசி வாழ்த்து எப்போதும் சொல்வதுதான். ஆனால் 2026 பிப்ரவரி 17 அன்று பிறப்பது குதிரை ஆண்டு என்பதால் இந்த வருஷம் அது கச்சிதமாகப் பொருந்தும். 'நின்' என்பது நம் 'நீங்கள்'. 'நீ' என்றால் அங்கேயும் 'நீ'தான்! வயதிலும் பொறுப்பிலும் பெரியவரிடம் அதைச் சொல்ல வேண்டாம்.

அம்புக்குறிகளை அலட்சியம் செய்யாதே, பாதி மொழி அதில்தான் இருக்கிறது. → வந்தால் சுருதி பிடிப்பதுபோல் உயரத்திலேயே நிறுத்து. ↗ நாம் ஆச்சரியமாக "ஆ?" என்று கேட்கும் ஏற்றம். ↘ "போ!" என்று அதட்டும் வெட்டு. ↓ என்றால் குரலை அடித்தொண்டைக்கு இறக்கி அங்கேயே வை. அம்பு இல்லாத 'த', 'ஷிய' இரண்டையும் லேசாகத் தொட்டுவிட்டுப் போ.

முதல் வரியில்தான் கண்ணிவெடி. 'ட்ஸோங்' என்பது முதலாளி, மேனேஜர் மாதிரி ஆட்களைப் பெயரோடு சேர்த்து அழைக்கும் மரியாதைச் சொல். அதை இறக்காமல் உயரத்தில் நிறுத்தி, 'ட்ஸ்' என்பதையும் 'ஜ்' ஆக்கி 'லின் ஜோங்' என்று சொன்னால், சாகும் தறுவாய் என்று பொருள்படும் சொல் அது! புத்தாண்டும் அதுவுமாக வேண்டாம். அவர் ஊர் தைஜோ பக்கம் பலர் 'ஜ்' ஒலியையே 'ட்ஸ்' என்றுதான் சொல்வார்கள், அதனால் அவர் காதுக்கு வித்தியாசம் காட்டுவது உன் குரலின் இறக்கம்தான். "ட்ஸோங்" என்று சொல்லும்போது தாடையை மார்புப் பக்கம் இறக்கிப் பார், குரல் தானாக இறங்கும். 'மா'வும் அப்படியே. இறக்கினால் குதிரை, உயரத்தில் நிறுத்தினால் அம்மா.

'ஷ்ழ்' பார்த்து மிரளாதே. ஷ் சொல்லிவிட்டு நாக்கை எடுக்காமல் நம் ழகரத்துக்கு நழுவு, அவ்வளவுதான். இங்கே நாம் வெள்ளைக்காரர்களைவிட அதிர்ஷ்டசாலிகள். 'ஷின்', 'ஷிங்', 'ஷியே' மூன்றும் வேறு ரகம். நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வைத்து, சிரித்த வாயோடு சொல். 'சிரிப்பு' என்பதன் சி கொஞ்சம் ஷி பக்கம் சாய்ந்த மாதிரி வரும்.

க்வாய், தீ, காங், ச்சங் நான்கிலும் காற்று வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு பில் தாளைப் பிடி, அது ஆட வேண்டும். ஆனால் 'யின்-தூ', 'தாவ்', 'கோங்' சொல்லும்போது தாள் அசையக் கூடாது. 'யின்-தூ'வை 'இந்து' மாதிரி மெத்தென்று சொல்லிவிடாதே, 'தூண்' என்பதில் வரும் தூ அது. 'ல' சொல்லும்போது வாயை அகலத் திறக்காமல் பாதியில் நிறுத்து.

ஓவர்லாக் மெஷின் ஓடும் இடத்தில் நின்று பதியாதே. காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதி. பதினேழாம் தேதி காலை ஏழரைக்கு அனுப்பினால் அங்கே பத்து மணி, சரியாக இருக்கும். மறந்துவிட்டால் பதறாதே, பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா வரை, அதாவது மார்ச் 3 வரை, வாழ்த்துச் சொல்லலாம்.

லூப்பர் பார்சல் எங்கே என்று அதே மூச்சில் கேட்காதே. உன் அவசரம் எனக்குத் தெரியும். ஃபேக்டரி பூட்டியிருக்கும், அவர் பிள்ளைகளோடு இருப்பார். அதை வேலை தொடங்கியதும் தனியாகக் கேள்.

ஒன்று நடக்கலாம். நீ நன்றாகச் சொல்லிவிட்டால், உனக்குச் சீனமே தெரியும் என்று நினைத்து அவர் மடமடவென்று பதில் அனுப்புவார். "ஷியே ஷிய, லின் ட்ஸோங்" என்று சொல்லிவிட்டு, அதை எனக்கு ஃபார்வர்ட் பண்ணு.

மாலதி அக்கா