பச்சைத் துணுக்கு

காலைப் பையைக் கவிழ்த்தபோது கடைசியாக விழுந்தது அந்தப் பார்சல். பழுப்புக் காகிதம் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். தபால் கொடுக்கக் கிளம்பும் அவசரத்தில் தபால்காரத் தம்பி அதை மேசை மேல் வைத்துவிட்டு, "சார், இதுல அட்ரஸே இல்ல" என்றபடி சைக்கிளை எடுத்துப் போய்விட்டான்.

போஸ்ட் மாஸ்டர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தபால்தலைகள் சரியாக இருந்தன. முத்திரையும் விழுந்திருந்தது. ஆனால் மழை ஈரத்தில் மை கலங்கி, எந்த ஊர் என்று வாசிக்க வரவில்லை. முகவரிச் சீட்டு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பசை மட்டும் காய்ந்து மினுங்கியது. பையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி உதறினார். தூசிதான் கொட்டியது.

பதிவுத் தபாலாக இருந்தால் எண் இருக்கும், பட்டியலில் தேடலாம். இது சாதாரணப் பார்சல். உரியவர் தெரியாத தபால்களுக்கென்று இருக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினால் அங்கே பிரித்துப் பார்க்க அதிகாரம் உண்டு, இங்கே கிடையாது. உள்ளே ஒரு பெயராவது இருந்தால் பிழைத்தது. இல்லாவிட்டால் அங்கேயும் அலமாரியில் கிடக்கவேண்டியதுதான். அவருக்கு மனசு ஒப்பவில்லை.

தராசில் வைத்தார். 1 கிலோ 340 கிராம். ஒரு பக்கம் மெத்தென்று துணி போல இருந்தது, மறு பக்கம் கெட்டியாக ஏதோ பெட்டி. காதருகே வைத்து ஆட்டியும் பார்த்தார், சத்தமே இல்லை. உள்ளே அசையாதபடி இடுக்கெல்லாம் அடைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பதினொரு மணிக்கு அந்த அம்மா வந்தார். விடுமுறை நாள் தவிர தினமும் வருவார். "எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா தம்பி?" மகன் எங்கோ தூரத்தில் இருக்கிறான். 'இல்லைம்மா' என்று சொல்லிச் சொல்லி போஸ்ட் மாஸ்டருக்கே அந்தச் சொல் கசந்துபோயிருந்தது.

இன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை. பார்சலைக் கவுண்டர் மேல் வைத்தார். "இதைக் கொஞ்சம் பாருங்கம்மா. உங்க பையன் அனுப்பினதா இருக்குமா?"

அந்த அம்மா ஆம் என்று தலையசைத்திருந்தால் போதும், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்திருப்பார். விதிப்படி தப்பு என்று தெரிந்தேதான் கொடுத்திருப்பார்.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முடிச்சை விரலால் தடவினார். கயிற்றின் நுனி வெளியே தெரியாமல் மடித்துச் செருகியிருந்தது.

"என் பையன் கட்டுனது இல்ல தம்பி. அவன் முடிச்சு மேல முடிச்சாப் போட்டு நுனியைத் தொங்க விட்டுருவான். இது பொறுமையான கை." சொல்லிவிட்டுப் பார்சலை அவர் பக்கமே தள்ளினார். தள்ளிய கை பாதியில் நின்றது. "இதென்ன, பச்சையா ஒட்டிக்கிட்டிருக்கு?"

காய்ந்த பசையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பச்சைக் காகிதத் துணுக்கு. இரண்டு மணி நேரமாக உற்றுப் பார்த்தும் அவர் கண்ணில் அது படவில்லை.

ஈரத்தில் பசை இளகியிருக்கிறது. பைக்குள் மேலே கிடந்த ஏதோ ஒரு பச்சைக் காகிதப் பொட்டலத்தின் அடியில் சீட்டு ஒட்டிக்கொண்டு, இதைவிட்டு உரிந்து போயிருக்கிறது.

தபால்காரத் தம்பி திரும்பியதும் வாசலிலேயே மறித்தார். "இன்னிக்குப் பச்சைப் பேப்பர் சுத்தின பார்சல் யாருக்குக் கொடுத்தே?"

"தையல்காரருக்கு சார். ஒண்ணே ஒண்ணுதான்."

தையல்காரர் பொத்தான் பெட்டிகளை அடுக்கி முடித்திருந்தார். மேல்காகிதம் மிஷினுக்கு அடியில் வெட்டுத் துணிகளோடு கசங்கிக் கிடந்தது. போஸ்ட் மாஸ்டர் தரையில் உட்கார்ந்து அதை மடியில் விரித்தார். அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு சீட்டு, எழுத்து உள்பக்கம் பார்த்தபடி. ஈரத்துணியை ஒற்றி ஒற்றி, கிழியாமல் மெல்ல உரித்தார். நீல மை. குண்டு குண்டான எழுத்து. ஆற்றங்கரைத் தெருவில் கடைசி வீடு.

சீட்டை மறுபடி ஒட்டி, தானே கொண்டுபோனார். கதவைத் திறந்த பெரியவர் பார்சலை வாங்கியதும் பிரிக்கவில்லை. அந்தக் கையெழுத்தையே பார்த்தபடி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். போஸ்ட் மாஸ்டர் எதுவும் கேட்காமல் திரும்பி நடந்தார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அந்த அம்மா வந்தார். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "அது உரியவங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சா தம்பி?" என்றார்.

"சேர்ந்துச்சும்மா. நீங்க காட்டினதாலதான்."

"நல்லது" என்றார். கொஞ்சம் நின்றார். "எனக்கு?"

கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், போஸ்ட் மாஸ்டர் எழுந்து போய் அன்றைய கட்டை இன்னொரு முறை முழுசாகப் புரட்டினார்.