உங்கள் கறுவாப் பட்டை ஓடர் தொடர்பாக

வணக்கம் அம்மா,

நீங்கள் நேற்றிரவு அனுப்பிய மின்னஞ்சலையும் படங்களையும் பார்த்தோம். உங்கள் கோபம் நியாயமானது. மிகவும் வருந்துகிறோம்.

நீங்கள் பணம் கட்டியது அல்பா ரகத்துக்கு. சுருள் 6 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக்கூடாது. பென்சிலை விட மெல்லியதாக இருக்க வேண்டும். படத்தில் ரூலருக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் பட்டை அதைப்போல நான்கு மடங்கு. அது ஹம்பர்க் ரகம், விலையும் குறைந்தது. புறக்கோட்டைக் களஞ்சியத்தில் பொதி கட்டும்போது பெட்டி மாறிவிட்டது. ஏமாற்றிவிட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி நினைக்க வைத்ததற்கும் மன்னிக்க வேண்டும்.

சரியான அல்பா ஒரு கிலோவை இன்றே எடுத்து, ஒவ்வொரு கட்டையும் அளந்து பார்த்து வைத்திருக்கிறோம். நாளை காலை கூரியரில் போகும். அனுப்பும் செலவு எங்களுடையது. பாரிஸில் சுங்கவரி ஏதும் கேட்டால் ரசீதை மட்டும் அனுப்புங்கள், அதையும் நாங்களே தருகிறோம். முதலில் வந்த பட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கறிக்குத் தாராளமாகப் பாவிக்கலாம்.

மகளின் கலியாணப் பலகாரத்துக்கு என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் வராது என்று தோன்றினால் சொல்லுங்கள், அனுப்பாமல் முழுப் பணத்தையும் உங்கள் கார்டுக்கே திருப்பிவிடுகிறோம். எது வசதி என்று ஒரு வரி எழுதினால் போதும். தொலைபேசியில் பேச விருப்பமென்றால் நேரத்தைச் சொல்லுங்கள், நாங்களே எடுக்கிறோம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு 11