கோயிலுக்கு வரலாமா

கொழும்பிலிருந்து வானில் திரும்பும்போது நான் ரோட்டைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. ஹபரணை தாண்டி, பொலன்னறுவை தாண்டி, வெலிகந்தைப் பக்கம் வந்ததும் ஒவ்வொரு குழியும் எனக்கு முன்கூட்டியே தெரிந்தது, சாரதிக்குத் தெரிந்ததோ இல்லையோ. "மெல்லப் போங்கண்ணே" என்று நான் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த மனிசன் "தம்பி, முட்டையா ஏத்திட்டு வாறம்?" என்று கேட்டுவிட்டார். பின்சீற்றில் சாய்ந்திருந்த தர்ஷிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கலாமோ கூடாதோ என்று என்னைப் பார்த்தாள்.

சிரிக்கலாம், நடக்கலாம், படி ஏறலாம். டொக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார், கட்டிலில் படுத்தே கிடந்தால் ஒட்டும், எழும்பி நடந்தால் விழுந்துவிடும் என்று ஒன்றும் இல்லை, பாரம் மட்டும் தூக்க வேண்டாம் என்று. ஆனால் ஐந்து நாள் வளர்த்து, உறைய வைத்து, பிறகு உருக்கி எடுத்த ஒரு முளையத்தை மெல்லிய குழாயால் உள்ளே வைத்ததை ஸ்கேன் திரையில் நானும் பார்த்தேன். ஒரு வெள்ளைப் பொட்டு மின்னியது, அவ்வளவுதான். அதைப் பார்த்த கண்ணுக்கு வெலிகந்தைக் குழி சின்னதாகத் தெரியாது.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வீடு என்றால் செட்டிபாளையத்தில் தர்ஷியின் வீடு. எங்கள் பக்கத்தில் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது, அதனால் எனக்கு வாய்த்தது மாமியின் அடுப்பும் மாமியின் காதும். போன முறை மாமிக்குச் சொல்லி, மாமி தன் தங்கச்சிக்கு மட்டும் சொல்லி, அந்தத் தங்கச்சி களுவாஞ்சிகுடிச் சந்தையில் யாருக்கு மட்டும் சொன்னாவோ, முடிவு வருவதற்குள் ஆட்கள் நெஸ்டமோல்ட் டின்னோடு வந்துவிட்டார்கள். முடிவு வந்த பிறகும் வந்தார்கள், அது இன்னும் மோசம். ஆகவே இந்த முறை என் சிநேகிதனுக்குக் கொழும்பில் கல்யாணம். தர்ஷி பிரதேச செயலகத்தில் முதுகு வலி என்று மெடிக்கல் போட்டாள்.

இரவு எட்டரைக்கு ஊசி. புரோஜெஸ்டரோன், எண்ணெயில் கரைத்தது. கொழும்பில் ஒரு நேர்ஸ் எனக்குப் பழக்கி விட்டா. எண்ணெய் ஊசி தண்ணி மாதிரி இறங்காது. முதலில் அம்பியூலை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்க வேண்டும். கழுத்தைப் பஞ்சால் பிடித்து ஒடிக்க வேண்டும். பெரிய ஊசியால் உறிஞ்சி, ஊசியை மாற்றி, குண்டியின் மேல் வெளிப்பக்க மூலையில் பேனாவால் போட்ட வட்டத்துக்குள் குத்தி, பொறுமையாக, மிகப் பொறுமையாகத் தள்ள வேண்டும். நேற்று இடம் என்றால் இன்றைக்கு வலம். ஒரு கிழமையில் இரண்டு பக்கமும் கட்டி கட்டியாகிவிட்டது, அவள் பக்கவாட்டில் படுக்கவே யோசிப்பாள். நான் ஃபோன் திருத்துகிற கடை வைத்திருக்கிறவன், மயிர் மாதிரி வயரை எல்லாம் ஈயம் வைத்து ஒட்டுகிற கை, ஆனால் அந்த ஊசியைப் பிடித்தால் மட்டும் கை வேர்க்கும். இவ்வளவு வருடத்தில் இந்த விஷயத்தில் எனக்கென்று கிடைத்த ஒரே வேலை அதுதான் என்பதால் விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

ஊசி மருந்தை இரத்தப் பரிசோதனை நாள் வரைக்கும்தான் வாங்க விட்டாள். ஒன்று கூட அதிகமில்லை. கல்முனைப் பாமசியில் பெட்டியாக வாங்கினால் லேசு, இடையில் தட்டுப்பாடு வந்தாலும் பயமில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"போன முறை மிஞ்சின மருந்த அலுமாரியில வெச்சிப் பார்த்தது நான்தான். நீங்க இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்த நாட்களில் பெண்ணின் உடம்பு பொய் சொல்லும் என்பதை யாரும் முதலிலேயே சொல்லித் தருவதில்லை. மார்பு கனத்து வலிக்கும், வயிறு ஊதும், மத்தியானம் தூக்கம் தள்ளும், கருத்தரித்தால் வருகிற எல்லாம் வரும், ஏனென்றால் ஏற்றுகிற மருந்தே அதையெல்லாம் செய்யும். வலி வந்தால் சந்தோசப்பட முடியாது, வலி நின்றால் பயப்படவும் நியாயமில்லை, ஆனாலும் பயப்படுவோம். விடிய மூன்று மணிக்கு அவள் போர்வைக்குள் ஃபோனை வைத்து வாசிப்பாள். எங்கோ தூர தேசத்துப் பெண்கள் அன்னாசியின் நடுத்தண்டைச் சாப்பிட்டால் நன்றாக ஒட்டும் என்று எழுதியிருப்பார்கள். எங்கள் ஊரிலோ கல்யாணமான பெண் அன்னாசியைப் பார்த்தாலே கிழவிகள் தட்டிப் பறிப்பார்கள். இரண்டையும் யோசித்து அவள் வாழைப்பழம் சாப்பிட்டாள். வீட்டிலேயே பார்க்கிற சிறுநீர்ப் பட்டி வாங்குவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். பேசாவிட்டாலும் வாங்கியிருக்க முடியாது, ஊர் மருந்துக்கடைக்காரன் என்னோடு படித்தவன்.

இதற்குள் வைகாசி வந்து கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்துவிட்டது. கதவு திறந்தால் எங்கள் வீட்டில் மீன்சட்டி அடுப்பில் ஏறாது. கச்சான் காற்று வேறு, பகலெல்லாம் மணலை வாரி வாசலில் கொட்டும். ஒலிபெருக்கியில் இரவு முழுக்கக் கண்ணகி வழக்குரைப் படிப்பு. கடைசியில் அம்மனைக் குளிரப் பண்ணுகிற சடங்குதான் குளுத்தி, மாமி ஒவ்வொரு வருடமும் அதற்கு மகளைக் கூட்டிக்கொண்டுதான் போவா.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோயிலுக்கு வரலாமா என்று ஒரு தாய் மகளிடம் கேட்டால், அது கோயிலைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. துடக்கா, இல்லையா? மாமி எங்களிடம் பிள்ளையைப் பற்றி வாய் திறந்து கேட்பதில்லை, ஆனால் மாதத்தில் ஒரு தரம் ஏதோ ஒரு கோயில் அவவுக்குக் கிடைத்துவிடும். தர்ஷி "இல்லம்மா, நீங்க போங்க" என்பாள். மாமி "சரி புள்ள" என்று பூத்தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவா. அந்த மாதக் கணக்கு அத்தோடு முடிந்தது.

குளுத்தி அன்று காலை தர்ஷி கிணற்றடியில் இருந்து வந்து கதவைச் சாத்தினாள். உள்ளாடையில் ஒரு பொட்டு. சிவப்பென்று சொல்ல முடியாத, மண்ணிறம். ஃபோனில் நேர்ஸைப் பிடிக்க ஒரு மணித்தியாலம் சென்றது. ஒட்டும்போதும் அப்படிப் படலாம், மருந்தாலும் படலாம், மாதவிலக்கின் தொடக்கமாகவும் இருக்கலாம், எதுவாக இருந்தாலும் ஊசியை நிறுத்தக் கூடாது, கூடினால் எடுங்கள் என்றா. மூன்றும் இருக்கலாம் என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தர்ஷி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நான் கடை திறக்கவில்லை.

பின்னேரம் மாமி குளித்து, சேலை மாற்றி, அறை வாசலில் வந்து நின்றா.

"குளுத்திக்கு வரலாமா புள்ள?"

தர்ஷி எழும்பி உட்கார்ந்தாள். ஆம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். வாய் கோணியது, அழுகை வந்துவிட்டது. நான் ஏதோ சொல்ல எழும்ப, மாமி கையைக் காட்டி என்னை இருக்க வைத்தா.

"குப்பைக்குள்ள கண்ணாடிக் கழுத்து கிடந்து என்ட பெருவிரலக் குத்தின அண்டைக்கே எனக்குத் தெரியும். கேட்டனா? ஆருக்கும் மூச்சு விட்டனா? போன முறை நான் வாய வெச்சிட்டு இரிக்கல்ல. அதுதான் இந்த முறை என்ட வாயக் கட்டிட்டன்."

"கொஞ்சம் பட்டிரிக்கும்மா."

"எவ்வளவு?"

தர்ஷி விரல் நுனியைக் காட்டினாள்.

"அது துடக்கில்ல" என்றா மாமி. அவ டொக்டருமில்லை, பூசாரியுமில்லை, ஆனால் அந்தச் சொல்லுக்கு மேல் அன்றைக்கு வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "ஆனா நீ வராத. அந்தச் சனத்துக்குள்ள இடிபட வேணாம். நான் தண்ணி கொண்டு வாறன்."

விடிய விடியத்தான் திரும்பி வந்தா, தூக்குப் போத்தலில் குளுத்தித் தண்ணியோடு. தர்ஷியின் தலையில் தெளித்து, வயிற்றிலும் தெளித்தா. எனக்கும் ஒரு கை.

"சித்தி வந்தாவாம்மா? என்னைக் கேட்டாவா?"

"கேட்காம இருப்பாளா? எல்லாரும்தான் கேட்டாளுகள்."

"என்ன சொன்னீங்க?"

மாமி மூடியைத் திருகித் திருகிப் பார்த்தா. "துடக்கெண்டன். வேற என்னத்தச் சொல்ல?"

தர்ஷிக்கு வந்த கோபத்தை நான் முன்னே பின்னே கண்டதில்லை. அம்மன் வாசலில் நின்று அந்த வாயால் ஏன் அதைச் சொன்னாய், வேறு சொல்லே கிடைக்கவில்லையா, காய்ச்சல் என்றிருக்கலாமே, கால் வலி என்றிருக்கலாமே என்று சத்தம் போட்டாள். மாமி ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நின்று, கடைசியில், "காய்ச்சலெண்டா உன்ன எட்டிப் பார்க்க வந்திருவாளுகள். துடக்கெண்டா ஒருத்தியும் வரமாட்டாள். அம்மனுக்குத் தெரியும் நான் பொய் சொன்னன் எண்டு. அவவோட நான் பேசிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டா. மாமி சொன்னபடியே ஒருவரும் வரவில்லை. பொட்டும் மறுநாளோடு நின்றது. நின்றதற்கும் அதே மூன்று காரணம் இருக்கலாம்.

இரத்தம் கொடுக்கக் கல்முனைக்குப் போனோம். காலையில் எடுத்தார்கள், முடிவு பின்னேரம் ஃபோனுக்கு வரும் என்றார்கள். நான் கடையில் ஒருவருடைய திரையைக் கழற்றி வைத்துவிட்டு, திரும்பப் பூட்ட முடியாமல், நாளைக்கு வாங்கண்ணே என்று அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நாலரைக்கு வந்தது.

பீட்டா எச்.சி.ஜி 38.

ஐந்துக்குக் கீழே என்றால் இல்லை. அது தெரியும். நூறைத் தாண்டியிருந்தால் மாமி சுவாமி அறைக்கு ஓடியிருப்பா. 38 என்றால் என்ன? கொழும்புக்கு எடுத்தேன். ஒட்டியிருக்கிறது, ஆனால் எண் குறைவு, இரண்டு நாள் விட்டு மறுபடி எடுங்கள், கிட்டத்தட்ட இரட்டிக்க வேண்டும், இரட்டித்தால் பார்ப்போம், மருந்தெல்லாம் அப்படியே போகட்டும் என்றார்கள்.

"நல்லதா, கெட்டதா?" என்று மாமி கேட்டா.

"இரிக்கி. ஆனா இன்னும் சொல்லேலாதாம்" என்றாள் தர்ஷி. அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கலண்டரில் இடம் வலம் என்று நான் எழுதி வந்த வரிசையைப் பார்த்தாள், அது அன்றோடு முடிந்திருந்தது. அலுமாரியைத் திறந்தாள். ஒரு அம்பியூல்தான் கிடந்தது, அன்றிரவுக்கு.

"பாமசி எத்தினை மணிக்குப் பூட்டும்?"

"எட்டுக்கு" என்றேன். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டேன், "ரெண்டு வாங்கவா? அடுத்த டெஸ்ட் வரைக்கும் காணும்."

கொஞ்சம் யோசித்தாள்.

"பெட்டியா வாங்குங்க."